மறுசுழற்சி மீன் குளத்தில் நீரோட்டம், உயிர்வடிகட்டி, பம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் குளம் 20,000 லிட்டர். மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் பம்ப் வேண்டும்?

குளத்தின் கொள்ளளவை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தீவனம் போடுகிறீர்கள் என்பதே பம்ப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. மீன் வெளியேற்றும் அம்மோனியா அது தின்ற தீவனத்தின் புரதத்திலிருந்து வருகிறது. ஆகவே ஒரே அளவுள்ள இரண்டு குளங்களில் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1 கிலோவும் மற்றொன்றுக்கு 5 கிலோவும் தீவனம் போட்டால், இரண்டாவதன் வடிகட்டி வழியே ஏறக்குறைய ஐந்து மடங்கு நீர் போயாக வேண்டும். ‘மணிக்கு ஒரு சுற்று’, ‘இரண்டு மணிக்கு ஒரு சுற்று’ என்று வழங்கும் கணக்குகள் ஏதோ ஒரு மீன் அடர்த்தியை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அந்த அடர்த்தி உங்களுடையதாக இருந்தால் பலிக்கும்.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே குளத்தையே எடுத்துக்கொள்கிறேன். அது 5 மீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீர் ஆழமும் கொண்ட வட்டத் தார்ப்பாய்க் குளம். நீர் சற்றேறக்குறைய 20,000 லிட்டர், அதாவது 20 கனமீட்டர். அறுவடை நெருங்கும்போது அரைக் கிலோ எடையுள்ள திலேப்பியா மீன்கள் 500 இருக்கும். மொத்த எடை 250 கிலோ. உடல் எடையில் 2 விழுக்காடு என்ற கணக்கில் நாளுக்கு 5 கிலோ தீவனம், அதில் 32 விழுக்காடு புரதம். நீரின் வெப்பநிலை 28 பாகை செல்சியஸ். இந்தக் குளத்துக்கு மணிக்கு 10,400 லிட்டர் நீரோட்டம் தேவை.

அந்த 10,400 எங்கிருந்து வந்தது?

முதலில் அம்மோனியா உற்பத்தியைக் கணக்கிட வேண்டும். தீவனத்தின் எடையைப் புரதத்தின் பங்கால் பெருக்கி, அதை மீண்டும் 0.092 என்ற எண்ணால் பெருக்கினால், ஒரு நாளில் நீரில் சேரும் மொத்த அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதையும், அந்த நைட்ரஜனில் எவ்வளவு மீனின் உடலில் தங்கும், எவ்வளவு கழிவோடு போகும், எவ்வளவு அம்மோனியாவாக வெளிவரும் என்பதையும் சேர்த்துச் சுருக்கிய எண் அது. நம் குளத்தில் 5 × 0.32 × 0.092 = 0.147 கிலோ, அதை 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, குளத்தில் எவ்வளவு அம்மோனியாவை அனுமதிக்கலாம் என்று முடிவுசெய்ய வேண்டும். மொத்த அம்மோனியாவில் அயனியாகாத பகுதியே மீனுக்கு நஞ்சு; அந்தப் பகுதி பி.எச். ஏற ஏறப் பெருகும். 28 பாகையில் பி.எச். 7.0 ஆக இருந்தால் அது 0.7 விழுக்காடு; 7.5 இல் 2.2, 8.0 இல் 6.5, 8.5 இல் 18. லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற வழக்கமான வரம்பை ஏற்று, பி.எச். 7.5 ஐ ஒட்டி வைத்திருந்தால், மொத்த அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை விடலாம்.

மூன்றாவது, வடிகட்டி வழியே ஒருமுறை போய்வரும்போது எவ்வளவு குறைகிறது என்பது. இவ்வளவு குறைந்த செறிவில், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளரும் எந்த உயிர்வடிகட்டியும் ஒரே ஓட்டத்தில் அம்மோனியாவை முழுவதும் எடுத்துவிடாது. 30 விழுக்காடு என்று அடக்கமாக வைத்தால், 2 மில்லிகிராமுடன் உள்ளே போகும் நீர் 1.4 உடன் வெளியே வரும். ஒவ்வொரு கனமீட்டரிலிருந்தும் 0.6 கிராம் கழிகிறது. நாளுக்கு 150 கிராம் கழிய வேண்டுமானால் 250 கனமீட்டர் நீர் போக வேண்டும். அதை 24 ஆல் வகுத்தால் மணிக்கு 10.4 கனமீட்டர்.

ஒரு எச்சரிக்கை. சில சோதனைப் பெட்டிகள் அளவை அம்மோனியா நைட்ரஜனாகக் காட்டும்; வேறு சில அம்மோனியமாகவே காட்டும். பின்னதாக இருந்தால் 0.78 ஆல் பெருக்கிய பிறகே இங்குள்ள எண்களோடு ஒப்பிட வேண்டும். பெட்டியோடு வரும் தாளில் இது எழுதப்பட்டிருக்கும்.

அப்படியானால் இரண்டு மணி நேரத்துக்குள் குளத்து நீர் முழுவதும் வடிகட்டி வழியே போய்விடுகிறதா?

இல்லை. வடிகட்டியிலிருந்து திரும்பும் நீர் குளத்து நீரோடு கலந்துவிடுகிறது. எனவே பம்ப் இழுக்கும் நீரில் ஏற்கெனவே சுற்றி வந்ததும் சேர்ந்தே இருக்கும். நன்றாகக் கலக்கும் குளத்தில், குளக் கொள்ளளவுக்குச் சமமான நீரைப் பம்ப் தள்ளி முடித்திருக்கும்போது 63 விழுக்காடு நீர்தான் வடிகட்டியைக் கண்டிருக்கும். இரண்டு கொள்ளளவு தள்ளினால் 86, மூன்று தள்ளினால் 95. நம் கணக்கு ‘முழுச் சுற்று’ என்ற எண்ணத்தின் மேல் நிற்கவில்லை. நாள் முழுவதும் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஈடாக வேண்டும் என்பதன் மேல் நிற்கிறது. அதனால் இந்தக் கலப்பு அதைக் கெடுக்காது.

இன்னும் பெரிய பம்ப் வைத்தால் அம்மோனியா பாதியாகுமே?

ஆகாது. பலர் பணத்தையும் மின்சாரத்தையும் இழப்பது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பாக்டீரியா தின்னும் வேகம் அதைச் சுற்றியுள்ள நீரின் செறிவைப் பொறுத்தது. பாக்டீரியா ஒட்டி வளரும் பிளாஸ்டிக் துண்டுகளான ஊடகம் உருண்டு புரளும் வடிகட்டித் தொட்டியில் நீர் நன்றாகக் கலந்திருப்பதால், பாக்டீரியாவைச் சுற்றியுள்ள நீர் என்பது ஏறத்தாழ வெளியேறும் நீரேதான். நம் வடிகட்டி நாளுக்கு 150 கிராமைத் தின்ன, அந்த நீரில் 1.4 மில்லிகிராம் இருக்க வேண்டும். பம்ப்பை இரட்டிப்பாக்கினாலும் அந்த 1.4 மாறாது, தின்ன வேண்டியது அதே 150 கிராம், தின்னும் பரப்பும் அதே பரப்பு. மாறுவது குளத்துக்கும் வடிகட்டியின் வெளிவாய்க்கும் உள்ள வேறுபாடு மட்டுமே: அது 0.6 இலிருந்து 0.3 ஆகும். குளத்தின் அளவு 2.0 இலிருந்து 1.7 க்கு இறங்கும், அவ்வளவுதான்.

மாறாகப் பம்ப்பை அப்படியே விட்டுவிட்டு ஊடகத்தை இரட்டிப்பாக்கினால், வெளிவாய் அளவு 0.7 க்கு வந்து குளத்தின் அளவு 1.3 ஆகும். குளத்தின் அளவை எண்ணிப் பார்க்கும்போது அதை இரு பகுதிகளின் கூட்டாகவே எண்ணுவது நல்லது. வெளிவாய் அளவு ஊடகத்தின் பொறுப்பு. அதற்கு மேலுள்ள வேறுபாடு நீரோட்டத்தின் பொறுப்பு. குறை எந்தப் பகுதியில் இருக்கிறதோ அதைத்தான் பெரிதாக்க வேண்டும்.

ஆக்ஸிஜனையாவது பெரிய பம்ப் கொடுக்காதா?

கொடுக்கும், ஆனால் போதாது. நாளுக்கு 5 கிலோ தீவனம் தின்னும் மீன்களுக்கு, கிலோ தீவனத்துக்கு அரைக் கிலோ ஆக்ஸிஜன் என்ற கணக்கில், மணிக்கு 104 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். 28 பாகையில் நீர் தாங்கும் ஆக்ஸிஜனே லிட்டருக்கு 7.8 மில்லிகிராம்தான். நன்றாகக் காற்றேறி 7.5 உடன் குளத்துக்குள் விழும் நீர், 4 உடன் வெளியேறினால், ஒவ்வொரு கனமீட்டரும் 3.5 கிராமைக் கொடுத்துவிட்டுப் போகிறது. மணிக்கு 10.4 கனமீட்டர் என்றால் 36 கிராம். தேவையில் மூன்றில் ஒரு பங்கு. பம்ப்பை மட்டும் நம்பினால் மணிக்கு 30,000 லிட்டர் தள்ள வேண்டியிருக்கும்.

ஆகவே நீரோட்டத்தை அம்மோனியாவுக்காக அளந்து வையுங்கள்; ஆக்ஸிஜனைக் காற்றூதியும் காற்றுக்கல்லும் கொண்டு குளத்துக்குள்ளேயே கொடுங்கள். திரும்பும் நீரை மேலிருந்து கொட்டவிட்டு நுரைக்கச் செய்வது கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் கொட்டும் உயரம் முழுவதையும் பம்ப்தான் ஏற்ற வேண்டும் என்பதை அப்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உயிர்வடிகட்டித் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

தொட்டியின் லிட்டரைவிட, பாக்டீரியா ஒட்டி வளரும் பரப்புதான் முக்கியம். நம் குளத்தின் வெப்பத்திலும் செறிவிலும், ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளுக்கு 0.3 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. 150 கிராமுக்கு 500 சதுர மீட்டர் ஆகிறது. சிறு சக்கரங்களைப் போன்ற பிளாஸ்டிக் ஊடகத்தில், ஒரு கனமீட்டருக்கு 500 சதுர மீட்டர் பரப்பு உள்ளது என்று குறிக்கப்பட்டிருந்தால், உங்களுக்கு 1,000 லிட்டர் ஊடகம் போதும். ஆனால் அது உருண்டு புரள இடம் வேண்டும் என்பதால் தொட்டி 2,000 லிட்டராக இருக்க வேண்டும். ஊடகம் தொட்டியில் 60 விழுக்காட்டைத் தாண்டினால், காற்று எவ்வளவு ஊதினாலும் மூலைகள் அசையாமல் நின்றுவிடும்.

வாங்கும்போது மொத்தப் பரப்பு, காக்கப்பட்ட பரப்பு என்று இரண்டு எண்கள் சொல்லப்படலாம். ஒன்றோடொன்று உரசும் வெளிப்புறத்தில் பாக்டீரியா நிலைக்காது. உள்ளே மறைந்திருக்கும் காக்கப்பட்ட பரப்பையே கணக்கில் எடுக்க வேண்டும். ஜல்லியைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்பதுண்டு. 25 மில்லிமீட்டர் ஜல்லியில் ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 150 சதுர மீட்டர்தான் கிடைக்கும். அதாவது மூன்றரைக் கனமீட்டர் ஜல்லி வேண்டும்; அதன் இடுக்குகளில் சேறு அடைத்தால் அள்ளிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. நாளுக்கு ஒரு கிலோவுக்குக் குறைவாகத் தீவனம் போடும் குளத்துக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

வடிகட்டித் தொட்டியின் காற்று ஊடகத்தைப் புரட்டுவதற்கு மட்டும் அன்று. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற பாக்டீரியாவுக்கு 4.57 கிராம் ஆக்ஸிஜன் தேவை. 150 கிராமுக்கு நாளொன்றுக்கு 685 கிராம் ஆகிறது. இதையும் சேர்த்தே காற்றூதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பம்ப்பைக் குளத்துக்குள்ளேயே இறக்கிவிடலாமா?

இறக்கினால் மீனின் கழிவை இம்பெல்லர் அரைத்துக் கூழாக்கிவிடும். முழுதாக இருக்கும் கழிவு தானே படியும். கூழானது எந்தப் படிவுத்தொட்டியிலும் நிற்காமல் வடிகட்டிக்குள் போய் ஊடகத்தின் மேல் பூசிக்கொள்ளும். அந்தக் கரிமப் பூச்சில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகி, மெதுவாக வளரும் அம்மோனியா பாக்டீரியாவிடமிருந்து இடத்தையும் ஆக்ஸிஜனையும் பறித்துக்கொள்ளும். 5 கிலோ தீவனத்திலிருந்து உலர்ந்த எடையில் ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாத திடக்கழிவு தினமும் வரும் என்பதால் இது சிறு விஷயம் அன்று.

குளத்தின் நடு வடிகாலிலிருந்து நீர் தன் எடையாலேயே முதலில் படிவுத்தொட்டிக்கும், அங்கிருந்து உயிர்வடிகட்டிக்கும், பிறகு பம்ப் இருக்கும் கடைசித் தொட்டிக்கும் வர வேண்டும். பம்ப் தெளிந்த நீரை மட்டும் குளத்துக்குத் திருப்பி ஏற்ற வேண்டும். படிவுத்தொட்டியின் மேற்பரப்பு, சதுர மீட்டருக்கு மணிக்கு 10 கனமீட்டரைத் தாண்டாத அளவில் இருக்கட்டும், நமக்கு 1.2 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தொட்டி ஏறத்தாழ ஈடுகொடுக்கும், அதைவிடப் பெரிது என்றால் நல்லது. பம்ப்பைப் பெரிதாக்கும்போது இந்தத் தொட்டி சிறிதாகிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள்: படிய வேண்டியது படியாமல் நீரோடு போய்விடும்.

வடிகால் குழாயில் பெரிதே நல்லது என்ற எண்ணம் உதவாது. நம் நீரோட்டத்துக்கு 110 மில்லிமீட்டர் குழாயில் நீர் வினாடிக்கு 35 சென்டிமீட்டர் வேகத்தில் போகும். கழிவு குழாயில் தங்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். 160 மில்லிமீட்டர் போட்டால் வேகம் பாதிக்கும் கீழே போய், குழாயே படிவுத்தொட்டியாகிவிடும்.

பம்ப்பின் பெட்டியில் மணிக்கு 16,000 லிட்டர் என்று இருக்கிறது. தாராளமாகப் போதும்தானே?

அந்த எண் நீரைச் சிறிதும் மேலே ஏற்றாதபோது பம்ப் தள்ளும் அளவு. ஏற்ற வேண்டிய உயரத்தோடு குழாயின் உராய்வும் சேர்ந்ததை ஹெட் என்கிறோம்; ஹெட் கூடக்கூட ஓட்டம் குறையும். பெட்டியிலோ கையேட்டிலோ உள்ள வளைகோட்டில், உங்கள் ஹெட்டுக்கு நேராக 10,400 லிட்டர் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

நம் அமைப்பில் பம்ப் தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து குளத்துக்குள் நீர் விழும் வாய்வரை 1.2 மீட்டர் உயரம். 10 மீட்டர் நீளமுள்ள 63 மில்லிமீட்டர் குழாயில் உராய்வு 20 சென்டிமீட்டர். எல்போக்களுக்கும் வால்வுக்கும் காலப்போக்கில் படியும் வழுவழுப்புக்கும் சேர்த்து 2 மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். அதே தொலைவுக்கு 40 மில்லிமீட்டர் குழாய் போட்டால் உராய்வு மட்டுமே 2 மீட்டரைத் தாண்டிவிடும். குழாயில் மிச்சம் பிடித்துவிட்டு, பம்ப் ஓடும் காலம் முழுவதும் மின்சாரமாகக் கட்டிக்கொண்டிருப்பது என்பது இதுதான். 2 மீட்டர் ஹெட்டில் நல்ல பம்ப் 160 வாட் அளவில், நாளுக்கு 4 யூனிட்டுக்குள் இந்த வேலையைச் செய்துவிடும்; ஹெட் 4 மீட்டரானால் அது இரட்டிப்பாகும்.

பொருத்திய பிறகு எந்தக் கணக்கையும் நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குளத்துக்குப் பக்கத்தில், குழாய்வாயின் வழக்கமான உயரமே இருக்குமாறு வைத்து, திரும்பும் குழாயை அதற்குள் திருப்பி, நிரம்பும் நேரத்தைக் கைப்பேசியில் குறியுங்கள். 10,400 லிட்டர் ஓட்டத்தில் அது 69 வினாடியில் நிரம்ப வேண்டும். முதல் நாளின் நேரத்தைப் பம்ப் தொட்டியின் மேலேயே பெயிண்டால் எழுதி வைத்தால் பின்னால் பெரிதும் உதவும்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரவில் பம்ப்பை நிறுத்தலாமா?

கூடாது. பகலில் தின்ற தீவனத்தின் அம்மோனியா இரவு முழுவதும் வெளிவந்துகொண்டிருக்கும், பாக்டீரியாவுக்கும் இரவு பகல் கிடையாது.

மின்தடை வந்தால் முதலில் மீனைக் காக்க வேண்டும், பிறகுதான் வடிகட்டி. 20 கனமீட்டர் நீரில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருந்தால் மொத்த இருப்பு 120 கிராம். அது 2 மில்லிகிராமுக்கு இறங்க 80 கிராம் செலவாக வேண்டும். மணிக்கு 104 கிராம் என்ற வேகத்தில் முக்கால் மணி நேரத்தில் அது நடந்துவிடும். மீன்கள் அப்போதுதான் தின்றிருந்தால் இன்னும் விரைவில். ஆகவே மின்கலத்தோடு இணைந்த காற்றூதி தானாகவே இயங்கத் தொடங்கும்படி இருக்க வேண்டும். ஆள் வந்து போடுவதற்குள் காலம் கடந்திருக்கும். பல மணி நேரம் காற்றின்றி நின்ற வடிகட்டியின் நீரை அப்படியே குளத்துக்குள் விடாதீர்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகியிருக்கிறது. அந்த நீரை வெளியேற்றி, ஊடகத்தைக் குளத்து நீரால் அலசிய பிறகே இணைக்க வேண்டும்.

எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அம்மோனியா ஏறுகிறது. எங்கே பார்ப்பது?

குளத்து நீரிலும், வடிகட்டியின் வெளிவாயில் பிடித்த நீரிலும் ஒரே நேரத்தில் அம்மோனியாவை அளந்து பாருங்கள். முன்பு சொன்ன இரு பகுதிகளும் அப்போது தனித்தனியே தெரிந்துவிடும். வெளிவாயில் வழக்கமான 1.4 தான் இருக்கிறது, குளத்தில் மட்டும் ஏறியிருக்கிறது என்றால் நீரோட்டம் குறைந்திருக்கிறது. இடைவெளி பழைய 0.6 ஆகவே இருந்து இரண்டு எண்களும் சேர்ந்து ஏறியிருந்தால் நீரோட்டத்தில் குறையில்லை; பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜனோ காரத்தன்மையோ போதவில்லை, அல்லது ஊடகத்தைச் சேறு மூடியிருக்கிறது. இடைவெளியும் வெளிவாய் அளவும் இரண்டுமே கூடியிருந்தால், தீவனம் கூடியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். யாரோ அன்போடு இன்னொரு கை அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த முறையை நான் காலம் கடந்தே கற்றேன். என் குளத்தில் ஒருமுறை அம்மோனியா 2.4 க்கு ஏறி நின்றது. வடிகட்டிதான் கெட்டுவிட்டது என்று முடிவுசெய்து, காற்றைக் கூட்டினேன், சோடா போட்டேன், கடையில் வாங்கிய பாக்டீரியாத் திரவத்தையும் ஊற்றினேன். ஒரு வாரம் கழித்து வெளிவாய் நீரைச் சோதித்தபோது அது 1.4 தான் இருந்தது. டிரம்மை வைத்துப் பார்த்தால் நிரம்ப 115 வினாடி ஆயிற்று. 10,400 லிட்டர் ஓட வேண்டிய குழாயில் 6,300 கூட ஓடவில்லை. பம்ப்பைத் தூக்கினால், உறிஞ்சும் வாயின் வலைமேல் விரல் தடிமனில் பழுப்பு நிறக் குழைவு; கையால் உரித்தபோது ஈரத் துணியைப் போல ஒரே துண்டாக வந்தது. இரண்டு நிமிட வேலை. நீரோட்டம் குறையும்போது நீர் நின்றுவிடுவதில்லை. பார்வைக்கு முன்போலவே விழுந்துகொண்டிருக்கும் என்பதால், கண்ணை நம்பாமல் வாரம் ஒருமுறை டிரம்மைத்தான் நம்புகிறேன்.

பி.எச். தானாகவே இறங்கிக்கொண்டே போகிறது. குளத்தில் ஏதோ கோளாறா?

உயிர்வடிகட்டி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளமே அது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மை செலவாகிறது. 150 கிராமுக்கு நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சமையல் சோடாவாகச் சொன்னால் 1.8 கிலோ. புதிதாக விடும் நீரும் கொஞ்சம் காரத்தன்மையைக் கொண்டுவருவதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே செலவாகும். நாளுக்கு ஒரு கிலோவில் தொடங்கி, காரத்தன்மை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே போகாதபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பி.எச். 6.8 க்குக் கீழே போனால் பாக்டீரியா தளர்ந்துவிடும்.

அம்மோனியா ஏறியிருக்கும் நாளில் பதறிப்போய்ச் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டுவதுதான் பெரிய ஆபத்து. பி.எச். 8.5 க்குத் தாவினால், 2 மில்லிகிராம் மொத்த அம்மோனியாவில் நஞ்சான பகுதி 0.04 இலிருந்து 0.36 ஆகிவிடும். சமையல் சோடா இவ்வளவு தூரம் பி.எச். ஐ ஏற்றாது, அதையும் நாளுக்கு இரண்டு மூன்று தவணையாகக் கரைத்து ஊற்றுவதே முறை.

புதிய வடிகட்டி தயாராக எத்தனை நாள் ஆகும்?

வெதுவெதுப்பான நீரில் நான்கு முதல் ஆறு வாரம். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்கிய பிறகு நைட்ரேட் மட்டும் மிஞ்சும். நைட்ரைட் ஏறும் நாள்களே மீனுக்குக் கடினமானவை. 1,000 லிட்டருக்கு 200 கிராம் என்ற அளவில் உப்பைக் கரைத்து வைத்தால், அதிலுள்ள குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். நம் குளத்துக்கு 4 கிலோ. ஏற்கெனவே ஓடும் நோயற்ற குளத்திலிருந்து ஒரு வாளி ஊடகம் கிடைத்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும்.

மீன் குஞ்சாக இருக்கும்போதும் இவ்வளவு நீரோட்டம் வேண்டுமா?

அம்மோனியாவுக்காக வேண்டியதில்லை. நாளுக்கு அரைக் கிலோ தீவனம் போடும் காலத்தில் தேவை பத்தில் ஒரு பங்குதான். ஆனால் கழிவை நடு வடிகாலுக்குத் தள்ளும் சுழற்சி குளத்தில் இருந்தாக வேண்டும். வடிகாலில் வேகம் மிகவும் குறைந்தால் குழாயிலும் படியும். 10,400 லிட்டர் தள்ளும் ஒரு பம்ப்புக்குப் பதில் 5,200 தள்ளும் இரண்டு பம்ப்புகளைத் தனித்தனிக் குழாயோடு வைப்பதையே நான் விரும்புகிறேன். முதல் மாதங்களில் ஒன்று ஓடினால் போதும். அப்போது வாரம் ஓரிரு முறை இரண்டையும் சிறிது நேரம் ஓட்டி வடிகாலைக் கழுவிக்கொள்ளலாம். மீன் பெரிதான பிறகு ஒன்று பழுதானாலும் குளத்தின் அம்மோனியா 2.6 அளவில் நிற்கும்; அன்று தீவனத்தைப் பாதியாக்கிவிட்டு நிதானமாகப் பழுது பார்க்கலாம். ஒரே பம்ப் இருந்து அது நின்றுபோனால் இந்த அவகாசம் கிடைக்காது.

வடிகட்டி நன்றாக ஓடினால் நீரை மாற்றவே வேண்டாமா?

உயிர்வடிகட்டி நைட்ரஜனை அழிப்பதில்லை. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவதோடு அதன் வேலை முடிகிறது. தினமும் சேரும் 150 கிராமை, வெளியே போகும் நீரோடுதான் அனுப்ப வேண்டும். நாளுக்கு 1,000 லிட்டர் மாற்றினால் நைட்ரேட் நைட்ரஜன் லிட்டருக்கு 150 மில்லிகிராமில் போய் நிற்கும். 2,000 லிட்டர் மாற்றினால் 75 இல். திலேப்பியா இரண்டையும் தாங்கும் என்றாலும் நான் இரண்டாவதையே பின்பற்றுகிறேன். இதற்கென்று தனியாக நீரை இறைக்க வேண்டியதில்லை: படிவுத்தொட்டியின் அடி வால்வைக் காலையும் மாலையும் திறந்து, கருத்த நீர் போய்த் தெளிவு வரும்வரை விட்டாலே இதில் பெரும்பகுதி போய்விடும். அந்த நீரில் நைட்ரஜனோடு பாஸ்பரஸும் இருப்பதால் அதைப் பயிருக்குப் பாய்ச்சலாம். சொட்டுநீர்க் குழாயில் மட்டும் விடாதீர்கள், துளைகள் சில நாள்களிலேயே அடைத்துவிடும்.